அவுட் ஃபார் டெலிவரினு காட்டுது, ராத்திரி ரிட்டர்ன்னு மாறுது: ட்ராக்கிங் ஸ்க்ரீன்ஷாட்டை எப்படி படிக்கிறது

ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு ட்ராக்கிங் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "இதுக்கு என்ன அர்த்தம், பார்சல் வருமா வராதா"னு குரூப்ல கேக்குறவங்க நிறைய பேர். பெரும்பாலும் குழப்பம் ரெண்டு வரில தான். ஒண்ணு அவுட் ஃபார் டெலிவரி, இன்னொண்ணு ரிட்டர்ன் இனிஷியேட்டட். மத்த வரியெல்லாம் ஓரளவு தானாவே புரிஞ்சிடும், இந்த ரெண்டும் மட்டும் படிச்சா ஒண்ணு தோணும், உள்ள நடக்குறது வேற ஒண்ணா இருக்கும். அதனால ஒரு ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து வரி வரியா பாத்துடலாம்.

உதாரணத்துக்கு சூரத்ல இருக்குற ஒரு செல்லர்கிட்ட இருந்து சங்கரன்கோவில்ல ஒருத்தங்க சேலை ஆர்டர் பண்ணிருக்காங்க, கேஷ் ஆன் டெலிவரி. ட்ராக்கிங் இப்படி இருக்குனு வச்சுக்குவோம், புதுசு மேல, பழசு கீழ:

```
14 Mar 19:52  Return Initiated
14 Mar 19:50  Undelivered - Customer refused
14 Mar 09:14  Out for Delivery
13 Mar 20:06  Undelivered - Customer not available
13 Mar 08:47  Out for Delivery
13 Mar 05:31  Reached Sankarankovil Hub
12 Mar 18:20  In Transit - Madurai
09 Mar 21:40  In Transit - Bhiwandi
09 Mar 02:10  Shipped - Surat
08 Mar 11:03  Order Confirmed
```

ஆர்டர் பண்ணவங்க ரெண்டு நாளும் வீட்டுல தான் இருந்தாங்க, காசும் எடுத்து வச்சிருந்தாங்க, யாரும் வரல, போனும் வரல. ஆனா ஸ்க்ரீன்ல "கஸ்டமர் வேணாம்னு சொல்லிட்டாங்க"னு இருக்கு, ரெண்டே நிமிஷத்துல ரிட்டர்ன்னும் ஆயிடுச்சு. இது எப்படி நடக்குதுனு தெரியணும்னா இந்த வரிகள் எங்க இருந்து பிறக்குதுனு முதல்ல தெரியணும்.

பார்சல் மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல ஒரு பார்கோடு இருக்கும், அது கீழ இருக்குற நம்பர் தான் ஏ.டபிள்யூ.பி நம்பர், கூரியர்காரங்களுக்கு அந்த பார்சலோட அடையாளமே அது தான். பார்சலுக்குள்ள ஜிபிஎஸ் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கை மாறும்போதும் யாரோ ஒருத்தர் அந்த பார்கோடை ஸ்கேன் பண்ணுவாங்க, இல்லன்னா பார்சல் இருக்குற மூட்டையோட பார்கோடை ஸ்கேன் பண்ணுவாங்க, அந்த ஸ்கேன் தான் உங்க ஸ்க்ரீன்ல ஒரு வரியா விழுது. ரெண்டு ஸ்கேனுக்கு நடுவுல பார்சல் எங்க இருக்குனு அந்த ஆப்புக்கும் தெரியாது. மேல இருக்குற உதாரணத்துல பிவண்டிக்கும் மதுரைக்கும் நடுவுல மூணு நாள் ஒரு வரியும் இல்ல பாருங்க, அந்த மூணு நாளும் பார்சல் லாரில மூட்டைக்குள்ள கிடக்குது, மூட்டையை பிரிச்சு ஸ்கேன் பண்ற வரைக்கும் ஸ்க்ரீன் அசையாது. மும்பை பக்கத்துல இருக்குற பிவண்டில கிடங்குகள் ரொம்ப அதிகம், வடக்குல இருந்து தெக்க வர்ற சரக்கு நிறைய அந்த வழியா தான் வரும், அதனால இந்த மாதிரி ரூட்டுல ரெண்டு மூணு நாள் அமைதியா இருந்தா பயப்பட ஒண்ணும் இல்ல.

பயப்பட வேண்டியது ஊர் மாறும்போது. பின்கோடோட முதல் மூணு நம்பர் எந்த சார்ட்டிங் மாவட்டம்னு சொல்லும், 627 திருநெல்வேலி பக்கம், 628 தூத்துக்குடி பக்கம், 629 நாகர்கோவில் பக்கம். சங்கரன்கோவில் 627756. இதுல ஒரு நம்பரை மாத்தி 628னு அடிச்சுட்டா, தெரு பேரு ஊர் பேரு எல்லாம் கரெக்டா இருந்தாலும் பார்சல் தூத்துக்குடி பக்கம் போயிடும், ஏன்னா பெரிய ஹப்புல யாரும் அட்ரஸை படிக்கிறது இல்ல, பின்கோடை வச்சு தான் பிரிக்கிறாங்க. ட்ராக்கிங்ல உங்க ஊருக்கு சம்பந்தமே இல்லாத ஹப் பேரு வந்து அங்கேயே நிக்குதுன்னா முதல்ல ஆர்டர்ல போட்ட பின்கோடை போய் பாருங்க.

இப்ப அவுட் ஃபார் டெலிவரிக்கு வருவோம். இதை படிச்சதும் "வண்டி கிளம்பிடுச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல வாசல்ல வந்து நிப்பாங்க"னு தான் தோணும், அங்க தான் ஏமாற்றமே.

ஊருக்குள்ள இருக்குற ஹப்புல காலைல நடக்குறது இது தான். ராத்திரி கிளம்புன லாரி விடியக்காலைல வந்து மூட்டையை இறக்கும், உதாரணத்துல அந்த 05:31 ஸ்கேன் அது தான். அப்புறம் பார்சலை ஏரியா வாரியா பிரிப்பாங்க, இந்த தெரு இந்த பையனுக்கு, அந்த ஏரியா அந்த பையனுக்குனு. பிரிச்சதும் ஒவ்வொரு டெலிவரி பையன் பேருக்கும் ஒரு லிஸ்ட் போடுவாங்க, அதுக்கு பேரு டெலிவரி ரன் ஷீட், டி.ஆர்.எஸ்னு சொல்லுவாங்க. முன்னாடி பேப்பர்ல இருந்துச்சு, இப்ப பெரும்பாலும் போன்ல இருக்குற ஆப்புல. உங்க பார்சல் அந்த லிஸ்ட்டுல ஏத்துறதுக்காக ஸ்கேன் ஆன அந்த நொடி, உங்களுக்கு அவுட் ஃபார் டெலிவரினு மெசேஜ் வந்துடும். அப்ப பார்சல் இன்னும் ஹப்போட தரைல தான் கிடக்குது, பையன் டீ குடிச்சுட்டு இருக்கலாம், வண்டில அடுக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம்.

அதனால அந்த வரிக்கு சரியான அர்த்தம், இந்த பார்சல் இன்னைக்கு இன்னார் பொறுப்புல இருக்கு, அவ்வளவு தான். எத்தனை மணிக்கு வரும்னு அதுல எந்த தகவலும் இல்ல. அவரு லிஸ்ட்டுல நீங்க மூணாவது ஆளா கடைசி ஆளானு உங்களுக்கு தெரியாது, சில ஆப்புல மட்டும் "உங்களுக்கு முன்னாடி இத்தனை ஸ்டாப் இருக்கு"னு காட்டுவாங்க, அது இருந்தா நல்லது. ஸ்டேட்டஸ் மெசேஜோட டெலிவரி பையன் பேரும் போன் நம்பரும் வந்துச்சுன்னா அதை தான் முதல்ல பிடிச்சுக்கணும், பெரும்பாலும் அது நேரடி நம்பரா இருக்காது, கம்பெனி வழியா சுத்தி போற நம்பரா இருக்கும், அன்னைக்கு மட்டும் தான் வேலை செய்யும்.

இப்ப சாயங்காலத்துக்கு வாங்க, முக்கியமான இடம் இது தான்.

காலைல லிஸ்ட்டுல ஏறுன ஒவ்வொரு பார்சலுக்கும் ராத்திரிக்குள்ள ஒரு முடிவு எழுதியே ஆகணும். டெலிவர் ஆச்சுன்னா டெலிவர்டு, ஆகலன்னா ஏன் ஆகலனு ஒரு காரணம். ரன் ஷீட்டை மூடாம, வசூல் பண்ண கேஷை கணக்கு ஒப்படைக்காம அந்த பையன் வீட்டுக்கு கிளம்ப முடியாது. காரணத்தை அவரு கைப்பட எழுத முடியாது, ஆப்புல ஒரு லிஸ்ட் இருக்கும், கஸ்டமர் இல்ல, கஸ்டமர் வேணாம்னுட்டார், அட்ரஸ் சரியில்ல, கஸ்டமர் வேற நாள் கேட்டார், கேஷ் ரெடியா இல்ல, வீடு பூட்டியிருக்கு, இந்த மாதிரி. அந்த லிஸ்ட்டுல "எனக்கு நேரம் பத்தல"ங்கற காரணத்தை அமுக்குனா கேள்வி அவரு மேல வரும், சில ஆப்புல அப்படி ஒரு காரணமே இருக்காது. கஸ்டமர் மேல போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. நிறைய இடத்துல டெலிவரி ஆன பார்சலுக்கு தான் காசு, ஆகாததுக்கு இல்ல, அதனால லிஸ்ட்டு கடைசில ஊருக்கு வெளிய இருக்குற ஒரு வீட்டுக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல பெட்ரோல் போட்டு போறதை விட ஒரு பட்டனை அமுக்கிடுறது சுலபமா போயிடுது. அந்த பையனை மட்டும் திட்டி இதுல பிரயோஜனம் இல்லனு நான் நினைக்கிறேன், முடிக்க முடியாத அளவு பார்சலை ஒருத்தர் தலையில ஏத்திட்டு, முடிக்கலன்னா காரணம் சொல்ல இடமும் குடுக்காம வச்சிருக்குற ஏற்பாடு தான் இப்படி பொய்யை உற்பத்தி பண்ணுது.

இந்த மாதிரி பொய் அட்டெம்ப்ட்டை எப்படி கண்டுபிடிக்கிறது? நேரத்தை பாருங்க. நிஜமாவே வீட்டுக்கு வந்து திரும்பி போனாங்கன்னா அந்த ஸ்கேன் பகல்ல, அவரு உங்க தெருவுல மத்த வீட்டுக்கு குடுக்குற நேரத்துல விழும், அதுக்கு ஒட்டுன மாதிரி உங்க போன்ல ஒரு மிஸ்டு கால் இருக்கும். உதாரணத்துல ரெண்டு நாளும் ராத்திரி எட்டு மணியை ஒட்டி விழுந்திருக்கு, 20:06, 19:50. அது ஹப்புல உக்காந்து லிஸ்ட்டை மூடுற நேரம். முதல் நாள் கஸ்டமர் இல்லனு போட்டாச்சு, ரெண்டாவது நாள் அதையே போட்டா மூணாவது நாளும் இதே பார்சலை தூக்கணும், கஸ்டமர் வேணாம்னுட்டார்னு போட்டா அத்தோட முடிஞ்சுது. மத்த காரணத்துக்கு பொதுவா மூணு தடவை வரைக்கும் முயற்சி பண்ணுவாங்க, வேணாம்ங்கற காரணத்துக்கு மட்டும் நிறைய கூரியர்ல நேரா திருப்பி அனுப்புற வேலை ஆரம்பிச்சுடும். நேரம் மட்டுமே ஆதாரம் ஆகாது, சில பேரு நிஜமாவே ராத்திரி எட்டு மணிக்கு வருவாங்க. ஆனா நேரம், மிஸ்டு கால் இல்லாதது, காரணம், இது மூணும் சேந்து ஒரே பக்கம் காட்டுச்சுன்னா அப்புறம் பெருசா சந்தேகப்பட ஒண்ணும் இல்ல. இதை தடுக்க தான் சில கம்பெனில வேணாம்னு கேன்சல் பண்றதுக்கும் ஓடிபி வச்சிருக்காங்க, கஸ்டமர் சொன்னா தான் ஆப்புல அந்த காரணத்தை போட முடியும். ஆர்டர் வேணும்னு இருக்கும்போது யாராவது போன்ல "ஓடிபி சொல்லுங்க சார், நாளைக்கு கொண்டு வர்றேன்"னு கேட்டா சொல்லாதீங்க, எதுக்கான ஓடிபினு மெசேஜை முழுசா படிங்க, டெலிவரி ஓடிபினா பார்சல் கைல வந்த அப்புறம் தான்.

சரி, ரிட்டர்ன் இனிஷியேட்டட். ஒரே வரி, ஆனா ரெண்டு வேற வேற கதைக்கு இதையே போடுறாங்க, அதுல தான் ஜனங்க ரொம்ப குழம்புறாங்க.

முதல் கதை, பார்சல் உங்க கைக்கு வரவே இல்ல, பாதிலயே செல்லருக்கு திரும்பி போகுது. இதை கூரியர்காரங்க ஆர்.டி.ஓனு சொல்லுவாங்க, கிளம்புன இடத்துக்கே திரும்ப போறது. ரெண்டாவது கதை, பார்சல் வந்துச்சு, பிரிச்சு பாத்தீங்க, சைஸ் சேரல, கலர் வேற, நீங்களே ஆப்புல ரிட்டர்ன் போட்டீங்க. ரெண்டையும் பிரிக்க சுலபமான வழி, அந்த வரிக்கு முன்னாடி நடந்ததுல டெலிவர்டுனு ஒரு வரி இருக்கானு பாக்குறது. இல்லன்னா அது முதல் கதை. இருந்தா ரெண்டாவது. டெலிவர்டுனு இருக்கு ஆனா பார்சலும் வரல, ரிட்டர்னும் நீங்க போடலன்னா அது தனி பிரச்சனை, உடனே டெலிவரிக்கான ஆதாரம், அதாவது யாரு வாங்குனாங்க, கையெழுத்தோ போட்டோவோ ஓடிபியோ என்ன இருக்குனு எழுத்துல கேளுங்க.

நம்ம உதாரணம் முதல் கதை. 19:52க்கு ரிட்டர்ன்னு விழுந்துட்டாலும் அந்த நிமிஷமே பார்சல் சூரத்துக்கு கிளம்பிடாது, சங்கரன்கோவில் ஹப்புல தான் இருக்கும், அடுத்து திரும்பி போற மூட்டைல போட்டு ஸ்கேன் பண்ணி லாரில ஏத்துற வரைக்கும். அந்த இடைவெளி ஒரு ராத்திரியா இருக்கலாம், ரெண்டு நாளா இருக்கலாம். அதுக்குள்ள தான் ஏதாவது பண்ண முடியும். கூரியர் கஸ்டமர் கேருக்கு மட்டும் போன் பண்ணா போதாது, ஏன்னா அவங்களுக்கு நீங்க வாடிக்கையாளர் இல்ல, செல்லர் தான் வாடிக்கையாளர், காசு குடுக்குறது அவரு. டெலிவரி ஆகலனு ஒவ்வொரு தடவையும் செல்லரோட பேனலுக்கு ஒரு ரிப்போர்ட் போகும், என்.டி.ஆர்னு சொல்லுவாங்க, அதுல "மறுபடி முயற்சி பண்ணுங்க"னோ "திருப்பி அனுப்புங்க"னோ அவரு பதில் போடணும், போடலன்னா கொஞ்ச நேரம் பாத்துட்டு கூரியரே திருப்பி அனுப்பிடும். அதனால முதல் நாள் ராத்திரி 20:06க்கு "கஸ்டமர் இல்ல"னு விழுந்த உடனேயே ஆப்புலயோ செல்லர்கிட்டயோ "நான் வீட்டுல தான் இருந்தேன், யாரும் வரல, போனும் வரல, நாளைக்கு மறுபடி அனுப்புங்க, இந்த நம்பர், இந்த லேண்ட்மார்க்"னு எழுதி விட்டிருந்தா இது ரெண்டாவது நாள் ரிட்டர்ன் வரைக்கும் போயிருக்க வாய்ப்பு கம்மி. செல்லருக்கும் இதுல அக்கறை உண்டு, பொதுவா போன கூலியும் திரும்பி வர்ற கூலியும் அவரு தலைல தான் விழும், சேலையும் மடிப்பு கலைஞ்சு எப்பவோ வந்து சேரும். சில வீட்டுல ஹப்புக்கே நேர்ல போய் ஏ.டபிள்யூ.பி நம்பரை காட்டி, அடையாள அட்டை காட்டி, காசு குடுத்து வாங்கிட்டு வந்துடுறாங்க, சின்ன ஊர்ல இது நிறையவே நடக்குது, ஆனா ஆர்.டி.ஓ போட்ட அப்புறம் சிஸ்டம்ல லாக் ஆயிடுச்சுன்னா ஹப்புல இருக்குறவங்க நினைச்சாலும் குடுக்க முடியாது.

அடுத்த ஹப்புல ரிட்டர்ன் ஸ்கேன் விழுந்துடுச்சுன்னா, உதாரணத்துக்கு மதுரைல, அத்தோட விட்டுடுங்க. திரும்ப ஆர்டர் போடுறது தான் வேகமான வழி. கேஷ் ஆன் டெலிவரின்னா உங்க காசு எதுவும் போகல. முன்னாடியே கட்டியிருந்தா ரீஃபண்ட் வரணும், இதுல ஒரு விஷயம், பல கடைல பார்சல் செல்லர் கைக்கு போய் சேந்து ஸ்கேன் ஆன பிறகு தான் ரீஃபண்டை தொடங்குவாங்க, அதனால திரும்புற பயணத்தோட நாளையும் கணக்குல வச்சுக்கணும்.

ரெண்டாவது கதைல, நீங்களே ரிட்டர்ன் போட்டதுல, இந்த வரிக்கு அர்த்தம் இன்னும் லேசு. உங்க கோரிக்கை பதிவாயிடுச்சு, அவ்வளவு தான், பொருள் இன்னும் உங்க வீட்டுல உங்க பொறுப்புல தான் இருக்கு. திரும்ப எடுத்துட்டு போறதுக்கு பெரும்பாலும் புது ஏ.டபிள்யூ.பி நம்பர் விழும், பழைய நம்பரை ட்ராக் பண்ணிட்டு "டெலிவர்டுனே நிக்குது, ரிட்டர்ன் நடக்கவே இல்ல"னு பதறுறவங்க இருக்காங்க, ரிட்டர்ன் விவரத்துக்குள்ள போய் புது நம்பரை பாருங்க. எடுக்க வர்ற பையன்கிட்டயும் காலைல அதே மாதிரி லிஸ்ட் தான், அவுட் ஃபார் பிக்கப்னு காட்டும், டெலிவரிக்கு சொன்ன சாயங்கால கதை எல்லாம் இதுக்கும் பொருந்தும்.

வந்தாருன்னா வாசல்லயே ஒரு சோதனை இருக்கும். ஆப்புல பொருளோட போட்டோ வரும், கலர் சரியா, டேக் இருக்கா, பிராண்டு சரியா, போனா இருந்தா ஐ.எம்.இ.ஐ நம்பர் ஒத்துப்போகுதானு பாப்பாரு. செல்லர் வேற கலர் அனுப்பியிருந்தா இங்க ஒரு சிக்கல், நீங்க ஆர்டர் பண்ண கலரோட போட்டோ தான் அவரு ஆப்புல இருக்கும், கைல இருக்குறது வேற கலர், உடனே க்யூ.சி ஃபெயில், அதாவது சோதனைல தேறலனு போட்டு பிக்கப்பை ரத்து பண்ணிட்டு போயிடுவாரு. அதனால ரிட்டர்ன் போடும்போது காரணத்துல "வேற பொருள் வந்துச்சு"ங்கறதை தான் தேர்ந்தெடுக்கணும், வெறுமனே பிடிக்கலனு போடக்கூடாது, கூட வந்த பொருளோட போட்டோவும் பார்சல் மேல இருந்த ஸ்டிக்கர் போட்டோவும் ஏத்திடுங்க. சோதனைல எல்லாம் சரியா இருந்தா, பிக்கப் ஆச்சுனு மெசேஜ் உங்க போனுக்கு வந்த அப்புறம் தான் பொருளை கைல குடுங்க. மெசேஜ் வராம "ஹப்புல போய் ஸ்கேன் பண்ணிக்கிறேன்க்கா"னு சொன்னா குடுக்காதீங்க, ஸ்கேன் இல்லன்னா பொருள் உங்ககிட்ட இருந்து போச்சுங்கறதுக்கு எந்த சாட்சியும் இல்ல.

அப்புறம் ரீஃபண்ட் இனிஷியேட்டட்னு வரும். இது கடை தன்னோட பேமென்ட் கம்பெனிக்கு "இந்த காசை திருப்பி அனுப்பு"னு உத்தரவு போட்டது, உங்க பேங்க்ல விழுந்ததுனு அர்த்தம் இல்ல. யுபிஐல கட்டியிருந்தா சீக்கிரம் வந்துடும், கார்டுக்கு சில வேலை நாள் ஆகும். கடை ரீஃபண்ட் முடிஞ்சுதுனு சொல்லியும் பேங்க்ல காணோம்னா, கடைகிட்ட மறுபடி மறுபடி "எப்ப வரும்"னு கேக்காம ரெஃபரன்ஸ் நம்பரை கேளுங்க, கார்டா இருந்தா ஏ.ஆர்.என், யுபிஐயா இருந்தா யு.டி.ஆர் நம்பர். அதை வச்சு பேங்க்ல கேட்டா எங்க நிக்குதுனு அவங்களால தேட முடியும், நம்பரே குடுக்க முடியலன்னா காசு இன்னும் கடையை விட்டு கிளம்பாம இருக்கலாம். கேஷ் ஆன் டெலிவரில வாங்கி ரிட்டர்ன் பண்ணா திருப்பி அனுப்ப அவங்களுக்கு உங்க பேங்க் கணக்கோ யுபிஐ ஐடியோ வேணும், அதை ஆப்புக்குள்ள போய் மட்டும் குடுங்க. "உங்க பார்சல் அட்ரஸ் முழுசா இல்லாததால நிக்குது, இந்த லிங்க்ல அப்டேட் பண்ணுங்க"னு இந்தியா போஸ்ட் பேர்லயே போலி எஸ்.எம்.எஸ் சுத்துது, ரீஃபண்ட் பேர்லயும் இதே வேலை நடக்குது, காசு வாங்குறதுக்கு யுபிஐ பின் எப்பவுமே தேவை இல்ல.

கடை எதுக்கும் அசையலன்னா 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள்படி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரி இருக்கணும், அவரு பேரும் தொடர்பு விவரமும் தளத்துல போட்டிருக்கணும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள்ள கிடைச்சுதுனு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும். குறைபாடுள்ள பொருள், போலி பொருள், விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருள், இதையெல்லாம் திரும்ப எடுக்க மாட்டேன்னு செல்லர் சொல்ல முடியாதுனும் அதே விதில இருக்கு. அங்கயும் நடக்கலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த எல்லா இடத்துலயும் அவங்க முதல்ல கேக்குறது ஆர்டர் நம்பர், ஏ.டபிள்யூ.பி நம்பர், எந்த தேதி எத்தனை மணிக்கு என்ன ஸ்டேட்டஸ் விழுந்துச்சுங்கறது தான், ஆனா சில ஆப்புல ரிட்டர்ன் முடிஞ்சதும் நடுவுல இருந்த அன்டெலிவர்டு வரிகள் மறைஞ்சு போய் ஆரம்பமும் முடிவும் மட்டும் நிக்கும், அதனால ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது மேல இருக்குற ஒரு வரியை மட்டும் எடுக்காம "எல்லா அப்டேட்டும் பார்க்க"னு இருக்குறதை அமுக்கி, நேரத்தோட முழு லிஸ்ட்டையும் அன்னைக்கே எடுத்து வச்சுக்குங்க.